தட்டுப்பட்ட பிறகு என்ன: மார்பகச் சுயபரிசோதனை பற்றிப் பேசப்போகும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: "நான் செவிலியர். எங்கள் மகளிர் குழுவில் மார்பகச் சுயபரிசோதனை பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது நாற்பது பேர் வருவார்கள். இருபது வயதுப் பெண்களும் உண்டு, எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு. எதை, எந்த வரிசையில் சொல்வது? சுயபரிசோதனையால் பயனில்லை என்று ஆய்வில் தெரிந்துவிட்டதாக வேறு படித்தேன். அப்படியானால் எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிந்துவிட்டால் பேச்சின் வரிசை தானாக அமைந்துவிடும்.

நீங்கள் படித்தது ஷாங்காய் ஆய்வைப் பற்றியதாக இருக்கும். அந்த நகரத்தின் நெசவு ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 2,66,000 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சுயபரிசோதனையை முறையாகக் கற்பித்தார்கள். ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. மாதிரி மார்பகத்தில் பயிற்சி, மேற்பார்வையில் செய்து காட்டல், திரும்பத் திரும்ப நினைவூட்டல் என்று உழைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். கற்றுக்கொண்ட பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். மற்றப் பிரிவில் 131 பேர். வேறுபாடே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். புற்றல்லாத கட்டிகள் மட்டும் கற்றவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு கண்டுபிடிக்கப்பட்டன. அவர்கள் எல்லோரும் தேவையில்லாமல் பயந்தார்கள், ஊசியையோ கத்தியையோ சந்தித்தார்கள்.

இந்த முடிவை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் அதைக் கண்டுகொள்ளாமல், "மாதா மாதம் செய்யுங்கள், உயிர் பிழைக்கலாம்" என்று பழைய பல்லவியையே பாடுகிறார்கள். இன்னொரு சாரார், பெண்கள் தங்கள் மார்பகத்தைக் கவனிப்பதே வீண் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆய்வு சொன்னது இரண்டும் அல்ல. பயிற்சி பெறாத பெண்களும் கட்டியைக் கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள்: குளிக்கும்போது, உடை மாற்றும்போது, தூக்கத்தில் புரளும்போது. நாள் குறித்துத் தடவிப் பார்த்தவர்கள் அவர்களைவிடச் சொல்லத்தக்க அளவு முன்னதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆகவே நாள்காட்டியில் வட்டமிட்டுச் செய்யும் சடங்குக்குத் தனிப் பயன் நிரூபணமாகவில்லை. தன் மார்பகத்தின் இயல்பு நிலையை அறிந்திருப்பதும், மாற்றம் தெரிந்தால் உடனே காட்டுவதும் வேறு விஷயம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் உட்படப் பல அமைப்புகள் "மாதாந்தரச் சுயபரிசோதனை" என்பதைக் கைவிட்டு, "இயல்பை அறிந்திருங்கள்" என்று மாறியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே கண்டறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணுக்கு மாமோகிராம் எடுத்து, கைக்கு எட்டாத சிறு கட்டியைத் தேடுவது ஒன்று. அறிகுறி தெரிந்த பெண்ணைத் தாமதமின்றி நோயறிதல் வரை கொண்டுபோவது மற்றொன்று. முதல் வேலையை விரல்களால் செய்ய முடியாது. வசதி உள்ள இடங்களில் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாமோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அமெரிக்காவில் 2024 முதல் 40 வயதிலேயே தொடங்கி 74 வரை எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் நாட்டு வழிகாட்டுதல் எதுவோ அதைக் கூட்டத்தில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தின் கனம் இரண்டாவது வேலையில் இருக்கட்டும்.

பாட வரைவை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் 5 நிமிடம்: எதற்காகக் கூடியிருக்கிறோம்.
அடுத்த 10 நிமிடம்: இயல்பான மார்பகம் எப்படி இருக்கும், கண்ணாடி முன் எதைப் பார்ப்பது.
அடுத்த 15 நிமிடம்: விரல் பயிற்சி.
அடுத்த 20 நிமிடம்: தட்டுப்பட்ட பிறகு என்ன, ஒரு பெண்ணின் கதையாக.
கடைசி 10 நிமிடம்: கேள்விகள்.

கூட்டம் தாமதமாகத் தொடங்கினால் (தொடங்கும்) நேரத்தை எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், அந்த 20 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரும்பாலான பேச்சாளர்கள் விரல் பயிற்சியிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டு, "கட்டி இருந்தால் டாக்டரிடம் போங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெண்கள் தடுமாறுவதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான்.

தொடக்கத்தில் இறப்புக் கணக்கை எடுத்து வீசாதீர்கள். 2022-இல் உலகம் முழுவதும் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6,70,000 பேர் இறந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பயந்துபோன பெண் மருத்துவரிடம் ஓடுவதில்லை, கட்டியை மறைக்கிறாள். அதற்குப் பதிலாக மூன்று செய்திகளை அமைதியாகச் சொல்லுங்கள். கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. புற்றாக இருந்து சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், பெரும்பாலும் மார்பகத்தை முழுவதுமாக எடுக்காமலே சிகிச்சை செய்துவிட முடியும். மூன்றாவது, எது எந்த வகை என்று விரலால் சொல்ல முடியாது, உங்கள் விரலாலும் முடியாது, என் விரலாலும் முடியாது. இந்த மூன்றாவதுதான் பேச்சு முழுவதற்கும் அச்சாணி.

அடுத்தது, இயல்பு. இரண்டு மார்பகமும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, பலருக்கு இருப்பதில்லை. மார்பகத்தின் அடி வளைவில் கெட்டியான ஒரு வரம்பு போலத் தட்டுப்படும், அது இயல்பு. மெலிந்தவர்களுக்கு ஆழமாக அழுத்தினால் விலா எலும்பு தட்டுப்பட்டு, அதையே கட்டி என்று பயப்படுவார்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பகம் கனத்து, குறிப்பாக அக்குளை ஒட்டிய மேல் பகுதியில், சிறு மணிகள் நிறைந்த பை போல இருக்கும். பருவமடைந்த காலத்திலிருந்தே ஒருவருக்குக் காம்பு உள்ளே அமுங்கியிருந்தால் அது அவருடைய அமைப்பு. சென்ற ஆண்டு வெளியே இருந்த காம்பு இந்த ஆண்டு உள்ளே இழுக்கப்பட்டால் அது அறிகுறி. "எனக்கு எது புதிது?" என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பகுதியில் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடி முன் பார்ப்பதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். விரலுக்குச் சிக்காத சில மாற்றங்கள் கண்ணுக்குச் சிக்கும், அதற்குக் காரணமும் உண்டு. மார்பகத்தின் உள்ளே தோலையும் அடியிலுள்ள தசைப்படலத்தையும் இணைக்கும் மெல்லிய நார்ப்பட்டைகள் இருக்கின்றன. புற்று வளரும்போது அவற்றைப் பிடித்துச் சுருக்கிவிடுகிறது. மேலே தோலில் சிறு குழி விழுகிறது. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது தெரியாத குழி, கைகளைத் தலைக்கு மேலே தூக்கும்போதோ இடுப்பில் ஊன்றி அழுத்தி நெஞ்சுத் தசையை இறுக்கும்போதோ பளிச்சென்று தெரியும். பெரிய மார்பகம் உள்ளவர்கள் முன்னால் குனிந்தும் பார்க்க வேண்டும். இந்த நான்கு நிலைகளையும் உடையோடு நின்று செய்து காட்டுங்கள், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் மறப்பதில்லை.

பார்க்க வேண்டிய மற்றவை: தோல் தடித்து, நுண்துளைகள் பெரிதாகி ஆரஞ்சுத் தோல் போல மாறுவது, ஒரு பக்கக் காம்பிலிருந்து பிதுக்காமலே தானாக வடியும் நீர், அதிலும் இரத்தம் கலந்தது, மருந்து தடவியும் ஆறாத காம்புப் புண் அல்லது செதில். சாதாரணத் தோல் அரிப்பு பொதுவாகக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும். காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும் செதில், பேஜட் நோய் என்ற புற்று வகையாக இருக்கலாம். இதை மாதக்கணக்கில் படை மருந்து தடவி வளர்த்துவிடுகிறவர்கள் உண்டு.

விரல் பயிற்சிக்கு வருவோம். படுத்த நிலை சிறந்தது. படுக்கும்போது மார்பகம் நெஞ்சின் மேல் பரவி மெலிதாகிறது. வலப்பக்கம் பார்க்க, வலது தோளின் கீழ் ஒரு தலையணை, வலக்கை தலைக்குப் பின்னால், இடக்கையின் நடு மூன்று விரல்கள். விரல் நுனி வேண்டாம், நகத்துக்கு எதிர்ப்புறத்துச் சதைப் பகுதிதான் உணர்வு மிக்கது. சிறு நாணயத்தின் அளவுக்கு வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: தோல் மட்டும் நகரும்படி மென்மையாக, பிறகு நடுத்தரமாக, கடைசியாக விலா எலும்பு தட்டுப்படும்வரை. அக்குளின் நடுவிலிருந்து நேர்கோடாகக் கீழே அடிவரம்பு வரை வந்து, ஒரு விரல் தள்ளி மேலே போய், இப்படியே மேலும் கீழுமாக நெஞ்செலும்பு வரை. மேல் எல்லை காறையெலும்பு. வட்டமாகச் சுற்றுவதைவிட இந்த மேல்கீழ்க் கோட்டு முறையில் விட்டுப்போகும் இடம் குறைவு. முடிந்ததும் அக்குள். கையை நேராகத் தூக்கிவிட்டால் அக்குளின் தசை இறுகி எதுவும் தெரியாது. சற்றே விலக்கித் தளர்வாக வைத்துக்கொண்டு உள்ளே தேட வேண்டும். மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதி அக்குளை ஒட்டிய மேல்வெளிப் பகுதியில்தான் வருகின்றன. அங்கே அவசரம் கூடாது.

பயிற்சியில் மூன்று பிழைகளைக் கவனியுங்கள். முதலாவது, கிள்ளிப் பார்ப்பது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தால் எந்த மார்பகத்திலும் கட்டி தெரியும். பாலூட்டும் சுரப்பித் திசுவே அப்படித்தான். உள்ளங்கையைப் போல விரித்துத் தட்டையாக, மார்புச் சுவரை நோக்கி அழுத்துகிறவருக்கு அந்தப் பொய்க்கட்டி காணாமல் போய்விடும். முன்னே வரிசையில் இருக்கும் ஒருவரைத் தன் முன்கைச் சதையில் இரண்டு விதமாகவும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வேறுபாட்டை அவரே அறிவிப்பார். இரண்டாவது, வட்டத்துக்கு வட்டம் விரலைத் தூக்கித் தூக்கி வைப்பது. நடுவில் இடைவெளி விழுந்துவிடும், நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது, ஒரே அழுத்தத்தில் எல்லா இடத்தையும் முடித்துவிடுவது.

சிலிக்கோன் மாதிரி மார்பகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தடித்த மென்பஞ்சில் வெவ்வேறு ஆழத்தில் சிறு மணிகளைப் புதைத்து, மேலே துணி போர்த்திக் கொடுங்கள். மென்மையாக அழுத்துகிறவருக்கு மேலே உள்ள மணி மட்டும் அகப்படும். ஆழத்திலுள்ளது மூன்றாவது அழுத்தத்தில்தான் வரும். வாயால் எவ்வளவு விளக்கினாலும் ஏறாதது அப்போது ஏறிவிடும். பங்கேற்பவர் யாரையும் ஆடை விலக்கச் சொல்ல வேண்டாம், யாரையும் கூட்டத்தில் வைத்துப் பரிசோதிக்கவும் வேண்டாம்.

எப்போது செய்வது என்று கேட்பார்கள். மாதவிலக்கு வருகிறவர்கள், தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 10 நாளுக்குள். அப்போதுதான் மார்பகம் மிகத் தளர்வாக இருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் நினைவில் நிற்கும் ஏதாவதொரு நாளில். பாலூட்டுகிறவர்கள் குழந்தைக்குக் கொடுத்து முடித்த பிறகு. ஆனால் ஒரு மாதம் தவறினால் குற்ற உணர்வு வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஷாங்காய் முடிவு அந்தக் குற்ற உணர்வுக்கு இடம் வைக்கவில்லை.

இனி அந்த 20 நிமிடம். ஒரு கதையாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கூட்டத்தைக் கேளுங்கள். நான் பயன்படுத்தும் கதை இது. யாருடைய வாழ்க்கையும் அல்ல, கற்பிப்பதற்காகக் கட்டியது.

ஒரு பெண், வயது 47. மாதவிலக்கு இன்னும் ஒழுங்காக வருகிறது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு கை வழுக்கிக்கொண்டு போகையில் இடது மார்பகத்தின் மேல்வெளிப் பகுதியில் ஒரு தடிப்பு தட்டுப்படுகிறது. உருண்டையாக இல்லை, சுற்றியுள்ள இடத்தைவிடக் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான். வலி இல்லை. அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் இருக்கிறது.

முதல் நிறுத்தம். கூட்டத்தில் பாதிப்பேர் "உடனே போக வேண்டும்" என்பார்கள், மீதிப்பேர் "வலிக்கவில்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். இந்த நிலையில் ஒரு மாதவிலக்கு கழியும்வரை காத்திருக்கலாம், ஒன்றே ஒன்று. மாதச் சுழற்சியால் வந்த தடிப்பானால் அதற்குள் கரைந்துவிடும். கழிந்தும் அப்படியே இருந்தால் இரண்டாவது மாதத்துக்கு வாய்தா கிடையாது. தோலில் குழி, காம்பு உள்ளிழுப்பு, இரத்தக் கசிவு, கல் போன்று கெட்டியாகி நகராத கட்டி, அக்குளில் கட்டி, இவற்றில் ஏதாவது இருந்தாலோ, மாதவிலக்கு நின்ற பெண்ணாக இருந்தாலோ அந்த ஒரு மாதம்கூடக் கிடையாது. வலி பற்றிய நம்பிக்கையை இங்கேயே உடைத்துவிடுங்கள். மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு மாதங்களைக் கழித்துவிடுவதுதான் நான் அடிக்கடி கேட்கும் தாமதக் காரணம்.

நம் பெண்ணுக்கு மாதவிலக்கு முடிந்தும் தடிப்பு போகவில்லை. மருத்துவரிடம் போகிறாள். அந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், பலகையில் "நாள் 1" என்று எழுதுங்கள். மருத்துவர் இரண்டு மார்பகத்தையும் அக்குளையும் பார்த்துவிட்டு மாமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எழுதித் தருகிறார். நாள் 9: மாமோகிராம் அறிக்கை வருகிறது, "சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை."

இரண்டாவது நிறுத்தம். வீட்டுக்குப் போய்விடலாமா? பெரும்பாலோர் "ஆம்" என்பார்கள். கதையின் முக்கியத் திருப்பம் இதுதான். அடர்த்தியான சுரப்பித் திசு மாமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துகொள்ளும். கைக்குத் தட்டுப்படும் கட்டி ஒன்று இருக்கும்போது, இயல்பான மாமோகிராம் மட்டும் அதை விடுவித்துவிடாது. அறிகுறி இல்லாத பெண்ணுக்கு எடுத்த மாமோகிராமும், அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு எடுத்ததும் படத்தில் ஒன்றுபோல் இருக்கலாம், பொருள் ஒன்றல்ல.

அதே நாளில் எடுத்த அல்ட்ராசவுண்டில், தடிப்பு இருந்த இடத்தில் ஓரங்கள் ஒழுங்கற்ற ஒரு நிழல் தெரிகிறது. நாள் 16: மரப்பு ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் சிறு திசுத் துண்டுகளை எடுக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு குரல் எழும்: "ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார்களே?" அந்தப் பயத்தால் யாரும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஊசிக்குப் பிறகு நோய் வேகமெடுத்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், ஏற்கெனவே முற்றிய நிலையில் ஊசிக்கு வந்ததுதான். இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று உண்டு: என்னவென்று தெரியாமலே "சின்னக் கட்டிதானே" என்று அறுத்து எடுத்துவிடுவது. அது புற்றாக இருந்துவிட்டால், எவ்வளவு சுற்றளவு எடுத்திருக்க வேண்டும், எந்த நிணக்கணுவைச் சோதித்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் குழம்பி, இரண்டாவது அறுவைக்குப் போக வேண்டியிருக்கும். முதலில் ஊசி, பிறகு முடிவு. "பயாப்ஸி செய்யாமல் ஏன் எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாள் 25: முடிவு வருகிறது. புற்றுதான், கட்டியின் அளவு 1.8 சென்டிமீட்டர். கையால் பார்த்தது, படத்தில் பார்த்தது, திசுவில் பார்த்தது ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றன. மருத்துவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த ஒப்புதலைத்தான். படம் சந்தேகம் கிளப்பி, ஊசி முடிவு "ஒன்றுமில்லை" என்று வந்தால், ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும். முடிவு நல்லதாக வந்ததே என்று கோப்பை மூடிவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, மருத்துவரிடம் முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயறிதல் முடிந்துவிட வேண்டும் என்கிறது. நம் பெண்ணுக்கு 25 நாளில் முடிந்தது. நிணக்கணுவுக்குப் பரவவில்லை; 2 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் முதல் நிலை. கட்டியையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். தொடர்ந்து என்ன மருந்து என்பதைக் கட்டியின் தன்மை தீர்மானிக்கும்.

இப்போது பலகையிலுள்ள நாள்களைக் காட்டி, எங்கெல்லாம் அவள் விலகிப் போயிருக்கக்கூடும் என்று கூட்டத்தையே சொல்லச் சொல்லுங்கள். வலி இல்லை என்று ஆறு மாதம். பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று மூன்று மாதம். மாமோகிராம் இயல்பு என்ற அறிக்கையால் ஓர் ஆண்டு. வேறு மருந்தில் கரைத்துவிடலாம் என்று யாரோ சொன்ன பேச்சில் இன்னும் சில மாதம். "அடுத்த ஆறு மாதத்தில் பார்க்கலாம்" என்று ஸ்கேன் எழுதாமலே அனுப்பிவிட்ட மருத்துவர். இந்தப் பட்டியலைப் பெண்கள் தாங்களே உருவாக்குவார்கள், உங்களைவிட நீளமாகவே. அதற்குப் பிறகு நீங்கள் விளக்குவதற்கு அதிகம் இராது.

கேள்வி நேரத்தில் வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளாடை, அடிபட்டது, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு, இவற்றால் புற்று வராது. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கண்ணில் படுகிறது, அவ்வளவே. "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பது பாதுகாப்பு அல்ல. மார்பகப் புற்று வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பெண்ணாகப் பிறந்ததும் வயதும் தவிரக் குறிப்பிட்ட ஆபத்துக் காரணி எதுவும் இருப்பதில்லை. குடும்பத்தில் இருந்தால், தந்தை வழியையும் கேளுங்கள். பலர் தாய் வழியை மட்டும் எண்ணிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும். இளவயதிலேயே நோய் வந்த உறவினர்கள் இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும், அவர்களுக்கான கண்காணிப்பு முறையே வேறு.

இருபது வயதுப் பெண்கள் கேட்பது பெரும்பாலும் விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கி ஓடும் கட்டியைப் பற்றியதாக இருக்கும். அந்த வயதில் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டி. இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். "இந்த வயதில் இதெல்லாம் வராது" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பாலூட்டும் தாய்மார்களுக்கு வேறொரு சிக்கல்: மார்பகம் சிவந்து வீங்கினால் பால் கட்டியது, சீழ் பிடித்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு சுற்று ஆன்டிபயாடிக் முடிந்தும் சிவப்பு இறங்காவிட்டால் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் கேட்க வேண்டும். அழற்சி வடிவில் வரும் மார்பகப் புற்று இதே முகத்தோடு வரும், அதில் கட்டியே தட்டுப்படாமலும் போகலாம். வெப்பப் படம் எடுத்து மாமோகிராமுக்கு மாற்று என்று விற்பவர்களைப் பற்றியும் கேட்கலாம், மாற்று அல்ல.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவரோ இருவரோ ஓரமாக நின்று, எல்லோரும் போகும்வரை காத்திருப்பார்கள். "சிஸ்டர், கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்" என்பார்கள். நீங்கள் செவிலியர் என்பதால் கேட்பது இயல்பு. தனி அறையில், அவர் சம்மதத்தோடு நீங்கள் பார்த்தாலும் "ஒன்றுமில்லை" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிடுவார். இதற்காகப் பேச்சுக்கு முன்பே ஒரு வேலையை முடித்து வைத்திருங்கள். மாமோகிராம், அல்ட்ராசவுண்ட், ஊசித் திசுப் பரிசோதனை மூன்றும் எட்டக்கூடிய தூரத்தில் எங்கே நடக்கின்றன, எந்தக் கிழமைகளில், யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று நேரில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புங்கள். தாளின் பின்புறம் அவரே நான்கு வரி எழுதட்டும்: எந்தப் பக்கம், கடிகார முள் கணக்கில் எந்த இடம், முதலில் கவனித்த நாள், கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள். மருத்துவர் முன்னால் பதற்றத்தில் சொல்லவேண்டியதை மறந்துவிடுகிறவர்கள் அதை அப்படியே நீட்டிவிடலாம்.

மூன்று மாதம் கழித்துக் குழுவை மறுபடி சந்திக்கும்போது, "யார் யார் மாதா மாதம் செய்கிறீர்கள்?" என்று கேட்டுக் கை தூக்க வைக்காதீர்கள். தாள் வாங்கிச் சென்றவர்களில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்கு ஸ்கேனோடு நின்றது, யாருக்கு முடிவு வர 60 நாளுக்கு மேலாயிற்று என்று தனித்தனியாக விசாரியுங்கள். எந்தப் படியில் ஆட்கள் நின்றுபோகிறார்களோ, அடுத்த பேச்சில் அந்தப் படிக்கு நேரத்தைக் கூட்டி, விரல் பயிற்சியிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள்.